கடிகாரத்துக்கே மணி சொன்ன இரவு

2012 ஜூன் 30, சனிக்கிழமை. உலகப் பொது நேரப்படி நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய இணையதளங்களின் சர்வர் அறைகளில் விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. வார இறுதியில் புது மென்பொருள் ஏற்றும் துணிச்சல் யாருக்கும் இருக்காது. ஆனால் மணி பன்னிரண்டைத் தாண்டியதும், லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஏராளமான சர்வர்கள் ஒரே சமயத்தில் தலைதெறிக்க ஓடத் தொடங்கின. யாருக்காக ஓடுகின்றன, என்ன வேலை செய்கின்றன என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

ரெடிட் தடுமாறியது. மோசில்லாவின் சர்வர்கள் சில திணறின. சிட்னியில் அப்போது ஞாயிறு காலை பத்து மணி. குவான்டாஸ் விமான நிறுவனம் பயன்படுத்தும் முன்பதிவு அமைப்பு படுத்துவிட்டதால் பயணிகளைக் கையால் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று, விமானங்கள் தாமதமாயின. ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. தங்கள் மையங்களின் மின்சாரப் பயன்பாடு திடீரென்று சுமார் ஒரு மெகாவாட் கூடியிருக்கிறது, உங்கள் சர்வர்களைக் கொஞ்சம் பாருங்கள் என்பது அதன் சாரம். பக் ஒன்று கரன்ட் பில்லில் தலைகாட்டுவது அபூர்வம்.

அந்த நேரத்தில் ஜெர்மனியில் அதிகாலை 2 மணி, இந்தியாவில் விடியற்காலை 5.30. அலாரம் அடித்து எழுந்த பொறியாளர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் செய்வது ஒன்றுதான். பாதிக் கண்ணைத் திறந்து லேப்டாப்பைத் திறப்பார். `top` என்று தட்டுவார். ஜாவா நிரல் பிராசஸரை முழுசாக விழுங்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பார். உடனே வெள்ளிக்கிழமை யார் எந்தக் கோடை மாற்றினார்கள் என்று தேடுவார். இரவு நேர டீபக்கிங்கில் முதல் சந்தேகம் எப்போதும் சக ஊழியர் மேல்தான் விழும். அந்தச் சக ஊழியர் தானேதான் என்று தெரிய வந்தால் சந்தேகம் சட்டென்று வேறு பக்கம் திரும்பும்.

அன்று வெள்ளிக்கிழமைக்காரர்கள் எல்லாரும் நிரபராதிகள். கோடு மாறவில்லை, பார்வையாளர் கூட்டமும் இல்லை. சரி, ஜாவாவை நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்ப்போம் என்றால், கிளம்பிய கையோடு அதே ஆட்டம். மை எஸ்க்யூஎல் டேட்டாபேஸையும் அப்படியே நிறுத்திக் கிளப்பினாலும் அதே கதை. கவனித்திருந்தால் முதல் துப்பு இதுதான். நிரலை மறுபடி துவக்கியும் நோய் போகவில்லை என்றால், நோய் நிரலில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. ஆனால் அதிகாலை இரண்டு மணிக்கு இப்படித் தெளிவாக யோசிக்கிறவர் யார்? பலர் மெஷினையே ரீபூட் செய்தார்கள். அது சரியாகிவிட்டது. என்ன பிரச்சினை என்று தெரியாமலே படுத்துத் தூங்கினார்கள். ரீபூட் நல்ல மருந்துதான். கூடவே தடயத்தையும் துடைத்துவிடும்.

அப்படித் துடைக்காமல் நோண்டிப் பார்த்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, அந்த நிரல் கணினியிடம் என்ன கேட்கிறது என்பதை `strace` கொண்டு ஒட்டுக்கேட்டபோது, ஒரே வகைக் கேள்வியும் ஒரே பதிலும் மாறி மாறி ஓயாமல் ஓடின. "கொஞ்ச நேரம் தூங்கட்டுமா?" என்பது கேள்வி. "தூங்கியாச்சு, நேரம் முடிஞ்சது" என்பது பதில். திரையில் அந்தப் பதில் `ETIMEDOUT` என்று வரும். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே தூக்கம் மட்டும் இல்லை. இன்னொன்று, சிஸ்டத்தின் பதிவேட்டில் நள்ளிரவில் விழுந்திருந்த ஒரு வரி:

```
Clock: inserting leap second 23:59:60 UTC
```

அறுபதாவது விநாடி! ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு பூஜ்யம் வரும் என்றுதான் நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் பூமி அணுக் கடிகாரம் போல இம்மி பிசகாமல் சுற்றுவதில்லை, கொஞ்சம் பின்தங்கும். அதனால் 1972 முதல் அவ்வப்போது ஜூன் அல்லது டிசம்பர் கடைசியில் ஒரு விநாடியைச் சேர்த்துக் கணக்கை நேர்செய்கிறார்கள். பாரிஸில் உள்ள பூமிச் சுழற்சிக் கண்காணிப்பு அமைப்பு இதை ஆறு மாதம் முன்பே அறிவித்துவிடும். 2012-ல் வந்தது இருபத்தைந்தாவது லீப் விநாடி. ஆக, ரகசியம் ஒன்றும் இல்லை. ஜனவரியிலேயே சொல்லியாயிற்று. உலகம் முழுக்க ஒரே நொடியில் வெடிக்கப்போகிற பக்குக்கு ஆறு மாதம் முன்பே தேதி குறித்துக் கொடுத்தும் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

லினக்ஸுக்கு அறுபதாவது விநாடி என்றால் என்னவென்று எழுதி வைக்க இடம் இல்லை. அதனால் நள்ளிரவு வந்ததும் கடிகாரத்தை ஒரு விநாடி பின்னுக்குத் தள்ளி, ஐம்பத்தொன்பதை இரண்டு முறை ஓடவிடும். இதுவரை சரி. ஆனால் கெர்னலுக்குள், நிரல்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் டைமர் பகுதி, நேரக் கணக்கைத் தன் பங்குக்குத் தனியாக வைத்திருக்கிறது. கடிகாரம் பின்னால் போனதை அதற்கு யாரும் சொல்லவில்லை. அது ஒரு விநாடி முன்னாலேயே நின்றுவிட்டது.

பள்ளி நாளில் ஆறு மணிக்கே "மணி ஏழாச்சு, எழுந்திரு" என்று எழுப்பும் அம்மாவைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் உண்டா? டைமர் செய்ததும் அதேதான். ஒரு நிரல் மணி பார்க்கிறது: 12:00:00. "அரை விநாடி தூங்குகிறேன், 12:00:00.5-க்கு எழுப்பு" என்கிறது. டைமரின் கணக்கில் அப்போதே 12:00:01. "அந்த நேரம் எப்போதோ போயிற்று" என்று உடனே எழுப்பிவிடுகிறது. எழுந்த நிரல் மணி பார்க்கிறது, இன்னும் நேரம் ஆகவில்லை. மறுபடி படுக்கிறது, மறுபடி உலுக்கி எழுப்பப்படுகிறது. விநாடிக்குப் பல்லாயிரம் முறை இது நடந்தால் பிராசஸர் கொதிக்காமல் என்ன செய்யும்?

எல்லா நிரல்களும் ஏன் மாட்டவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஐந்து விநாடி தூங்கக் கேட்ட நிரல் நான்கே விநாடியில் எழுப்பப்படும். அது யார் கண்ணிலும் படாது. ஒரு விநாடிக்கும் குறைவாக, அதுவும் கடிகார மணியைக் குறிப்பிட்டுத் தூங்கும் நிரல்கள்தான் சிக்கின. ஜாவாவும் மை எஸ்க்யூஎல்லும் நாள் முழுக்க இப்படிக் கோழித் தூக்கம் போடுகிறவை.

இனி மருந்து. ஞாயிற்றுக்கிழமை பொறியாளர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட பரிகாரம் இரண்டே வரி:

```
/etc/init.d/ntp stop
date -s "$(date)"
```

முதல் வரி, வெளியிலிருந்து நேரம் சரிபார்க்கும் சேவையைத் தற்காலிகமாக நிறுத்துகிறது. இரண்டாவது வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கடிகாரத்திடம் மணி என்ன என்று கேட்டு, அது சொன்ன அதே மணியைத் திரும்ப அதற்கே வைப்பதுதான் அந்தக் கட்டளை. எதுவும் மாறவில்லை. ஆனாலும் மெஷின் அந்தக் கணமே அடங்கிவிடும். இதை மேனேஜரிடம் விளக்க வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது. "என்ன செஞ்சீங்க?" "மணி வெச்சேன் சார்." "தப்பா இருந்துச்சா?" "இல்ல சார், சரியாத்தான் இருந்துச்சு."

மாந்திரீகம் ஒன்றும் இல்லை. மனிதர் யாராவது மணியை மாற்றினால், கெர்னல் `clock_was_set()` என்ற தன் செயல்பாட்டை அழைத்து, "கடிகாரம் மாறியிருக்கிறது, கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று டைமர்களுக்குத் தகவல் சொல்லும். அதே மணியை வைத்தாலும் தகவல் போகும். டைமர் தன் ஒரு விநாடித் தவறைத் திருத்திக்கொள்ளும். லீப் விநாடி சேர்க்கும் இடத்தில் இந்த அழைப்பு இல்லாததுதான் மொத்தப் பிரச்சினையும். லினக்ஸின் நேரக் கணக்கைப் பராமரிக்கும் ஜான் ஸ்டல்ட்ஸ் இதைக் கண்டறிந்து விளக்கித் திருத்தமும் அனுப்பினார்.

இதைவிடச் சுவையான சங்கதி பழைய பதிவுகளில் இருக்கிறது. அந்த அழைப்பு முன்பு அங்கே இருந்ததுதான்! அந்த இடத்தில் அதை அழைத்தால் மெஷின் ஒரேயடியாக உறைந்துபோகும் ஆபத்து இருப்பதாகக் கண்டு, 2007-ல் நீக்கியிருக்கிறார்கள். அதாவது, ஒரு பக்கைச் சரிசெய்ததில் பிறந்த பக் இது. எடுத்த கை தவறு செய்யவில்லை; உறைந்துபோவதைவிட இது மேல் என்று அன்று யாரும் மறுத்திருக்க முடியாது. லீப் விநாடி சில வருடங்களுக்கு ஒருமுறை வருவது என்பதால், அந்தக் கோடு பரீட்சைக்கு உட்காரும் வாய்ப்பும் அத்தனை அபூர்வம்.

கூகுள் மட்டும் முன்கூட்டியே வேறு வழி பிடித்திருந்தது. அந்த ஒரு விநாடியை ஒரே அடியாகச் சேர்க்காமல், பல மணி நேரத்துக்குத் துளித்துளியாகப் பரப்பிக் கடிகாரங்களை ஓட்டியது. அதன் சர்வர்கள் அறுபதாவது விநாடியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இந்த உத்தியை 2011-லேயே வெளியில் விளக்கியும் இருந்தது.

எல்லாரும் பாடம் படித்துவிட்டார்கள் என்று நினைத்தால், 2016 டிசம்பர் 31-ல் இன்னொன்று வந்தது. புத்தாண்டு பிறந்த நொடியில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பெயர் தேடும் சேவையில் ஒரு பகுதி சரிந்தது. கடிகாரம் ஒரு விநாடி பின்னால் போனதால், ஒரு வேலை முடிய எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்ட கோடுக்கு மைனஸ் எண் கிடைத்துவிட்டது. வேலை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டதாகக் கணக்கு! பூஜ்யமா என்று மட்டும் சோதித்த இடத்தில், பூஜ்யம் அல்லது அதற்கும் கீழா என்று சோதிக்கும்படி மாற்றினார்கள். ஒரே ஒரு எழுத்துத் திருத்தம். ஊரே வாணவேடிக்கை பார்க்கும் இரவில் அந்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களின் மனநிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு லீப் விநாடி எதுவும் வரவில்லை. 2035-க்குள் இந்த வழக்கத்தைக் கைவிட 2022 நவம்பரில் சர்வதேச அளவைகள் மாநாடு முடிவுசெய்துவிட்டது. ஆனால் இடையில் பூமி கொஞ்சம் வேகமெடுத்திருக்கிறது. இதே போக்கில் போனால், ஒரு விநாடியைச் சேர்ப்பதற்குப் பதில் கழிக்க வேண்டி வரலாம் என்று விஞ்ஞானிகள் பேசிக்கொள்கிறார்கள். அதாவது ஐம்பத்தெட்டாவது விநாடிக்கு அடுத்து நேராகப் பூஜ்யம். கழிக்கும் கோடு கெர்னலில் எழுதி வைக்கப்பட்டுப் பல வருடங்களாகின்றன. உண்மையான ஒரு நள்ளிரவில் அது இதுவரை ஒருமுறைகூட ஓடியதில்லை.