பங்கு வாங்குமுன் ஒரு பக்கம் எழுதுங்கள்: டயலொக் பங்கை வைத்து ஒரு விளக்கம்

நெளுக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் நானா ஒருவர், கட்டாரில் பதினொரு வருடம் உழைத்துவிட்டு வந்தவர். சென்ற வருடம் வட்ஸ்அப் குழுவொன்றில் வந்த செய்தியை நம்பி ஒரு கம்பனியின் பங்கை நான்கு இலட்சம் ரூபாவுக்கு வாங்கினார். விலை கொஞ்சம் ஏறியது, பிறகு இறங்கத் தொடங்கியது. "தம்பி, இதை விக்கிறதா வெச்சிக்கிறதா?" என்று என்னிடம் கேட்டார். "ஏன் நானா வாங்கினீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. ஏன் வாங்கினோம் என்று தெரியாவிட்டால் எப்போது விற்பது என்பதும் தெரியாது.

பங்குச் சந்தையில் தொழில்முறையாக முதலீடு செய்பவர்கள் ஒரு பங்கை வாங்குமுன் ஒரு பக்கத்தில் முதலீட்டுக் குறிப்பு எழுதி வைப்பார்கள். ஏன் வாங்குகிறேன், எது பிழைக்கலாம், என்ன நடந்தால் வெளியேறுவேன் என்பவைதான் அதில் இருக்கும். அதை எப்படி எழுதுவது என்று நானாவுக்குச் சொல்லிக்கொடுக்க, நம் எல்லோருக்கும் தெரிந்த டயலொக் ஆசிஆட்டா கம்பனியை எடுத்துக்கொண்டேன். கொழும்புப் பங்குச் சந்தையில் அதன் குறியீடு DIAL.N0000. இதை வாங்கச் சொல்லவோ விற்கச் சொல்லவோ இங்கே எழுதவில்லை. நடந்து முடிந்ததை வைத்து முறையை விளங்கப்படுத்துவதே நோக்கம்.

2024 ஜூன் மாதக் கடைசியில் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தது. அந்த நேரத்தில் குறிப்பை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும், அதுவும் பிழை என்று நிரூபிக்கக்கூடிய வாக்கியமாக. "டயலொக் நல்ல கம்பனி" என்பது அப்படியானதல்ல. அதை யாராலும் பொய்யாக்க முடியாது. இப்படி எழுதலாம்: "முன்பு ஐந்து கைபேசிக் கம்பனிகள் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டன. 2018இல் எடிசலாட் ஹட்ச்சுடனும் இப்போது எயார்டெல் டயலொக்குடனும் சேர்ந்ததால் மூன்றுதான் மிச்சம். ஆகவே கட்டணப் போர் தணிந்து, டயலொக்கின் இலாப வீதம் அடுத்த ஆறு காலாண்டுகளில் உயரும்." ஆறு காலாண்டு கழித்து அறிக்கையைப் பார்த்தால் இது சரியா பிழையா என்று யாரும் சொல்லிவிடலாம்.

அடுத்தது விலை. பலர் சறுக்குவது இங்கேதான். எயார்டெல் சும்மா வந்து சேரவில்லை. அதற்கு ஈடாக இந்தியாவின் பார்தி எயார்டெலுக்கு டயலொக்கின் 10.355 சதவீதப் பங்குகள் புதிதாக வழங்கப்பட்டன. முன்பு முழு ரொட்டியும் பழைய பங்குதாரர்களுடையது என்றால், இணைந்த பின் அவர்களுக்கு 89.6 சதவீதம்தான். கம்பனியின் மொத்த இலாபம் ஏறத்தாழ 11.5 சதவீதம் கூடினால்தான் ஒரு பங்குக்கான இலாபம் பழைய இடத்துக்கே திரும்பி வரும். அதற்கு மேல் வருவதுதான் ஆதாயம். "இணைந்தது, இனி ஏறும்" என்று வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள்?

தரகுக் கட்டணத்தையும் எழுதுங்கள். சாதாரண முதலீட்டாளருக்கு வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது மீண்டும் 1.12 சதவீதம். ஒரு இலட்சம் ரூபாவுக்கு வாங்கி அதே விலைக்கு விற்றாலும் 2,240 ரூபா போய்விடும்.

ஆபத்துகளை எழுதும்போது "சந்தை இறங்கலாம்" என்று எழுதுவதில் பயனில்லை. இந்தக் கம்பனிக்கே உரியதாக, எந்த வழியால் அடி விழும் என்று எழுத வேண்டும். டயலொக்குக்கு அது 2022இல் கண்கூடாகத் தெரிந்தது. மக்கள் ரூபாவில் கட்டணம் செலுத்துகிறார்கள். ஆனால் கம்பனியின் கடனில் ஒரு பகுதி டொலரில் இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த வருடம் டயலொக்கின் வருமானம் கூடியது. ஆனாலும் அந்நியச் செலாவணி நட்டத்தால் ஏட்டில் பெரும் நட்டம் காட்டப்பட்டது. பங்கு 10 ரூபாவுக்குக் கீழே போனது. 2005இல் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட விலையோ 12 ரூபா.

ஆகவே முதல் ஆபத்து: டொலர் கடன் எவ்வளவு, ரூபா எவ்வளவு சரிந்தால் இலாபம் கரைந்துபோகும்? ஆண்டறிக்கையின் குறிப்புகளில் கடனை நாணய வாரியாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். இரண்டாவது, புதிய போட்டி. மூன்று கம்பனிதான் என்று கணக்குப் போட்டவர்களுக்கு 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியது ஒரு சோதனை. விலை காரணமாக அது கைபேசி வாடிக்கையாளரை அதிகம் பறிக்காது என்பது என் எண்ணம். வீட்டு இணைய இணைப்பில்தான் உறுத்தும். மூன்றாவது, வரியும் கட்டண ஒழுங்குமுறையும். அது ஆணைக்குழுவின், திறைசேரியின் கையில். நாம் கவனிக்கத்தான் முடியும்.

நம் வாசகர்களில் பலருக்கு இன்னொரு வரியும் தேவைப்படும். ஷரீஆ அளவுகோலாகப் பரவலாகப் பின்பற்றப்படும் ஒன்றின்படி, வட்டிக் கடன் கம்பனியின் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகாத வருமானம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டயலொக் குழுமத்துக்குள் ஒரு நிதிக் கம்பனியும் இருப்பதால் இதைச் சும்மா விட முடியாது. பங்கு விலை பாதியானால் கடன் கூடாமலேயே முதல் வீதம் இரட்டிப்பாகும் என்பதையும் கவனியுங்கள். வாங்கிய அன்று தேறிய பங்கு ஒரு வருடத்தில் தேறாமல் போகலாம்.

இனி வெளியேறும் நிபந்தனைகள். 2022இல் "நட்டம் வந்தால் விற்பேன்" என்று எழுதியிருந்தவர் அடிமட்ட விலையில் விற்றிருப்பார். ஏனென்றால் தொழில் கெடவில்லை, நாணயம்தான் கெட்டது. நிபந்தனை முதல் வரியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். நம் முதல் வரி இலாப வீதத்தைப் பற்றியது. எனவே வட்டி, வரி, தேய்மானம் கழிக்குமுன் உள்ள இலாபம் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். அது தொடர்ந்து இரண்டு காலாண்டு, முந்திய வருடத்தின் அதே காலாண்டை விடக் குறைந்தால் விற்பேன் என்பது ஒரு நிபந்தனை. டொலர் கடன் மீண்டும் கூடத் தொடங்கினால் பாதியை விற்பேன் என்பது இரண்டாவது. ஆறு காலாண்டு முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், விலை என்னவாக இருந்தாலும் விற்பேன் என்பது மூன்றாவது. நான் இதில் மூன்றாவதைத்தான் அதிகம் மதிக்கிறேன். பெரும்பாலானவர்கள் காசை இழப்பது ஒரே நாளில் அல்ல, "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்ற வருடங்களில்.

"ஒரு விலைக்குக் கீழே போனால் விற்கிறேன் என்று மட்டும் எழுதினால் போதாதா?" என்று நானா கேட்டார். விலைக் கோடு தேவைதான், ஆனால் அதையே நம்பியிருக்க முடியாது. 2022 ஏப்ரல் 18 முதல் ஐந்து வேலை நாட்களுக்குப் பங்குச் சந்தையே மூடப்பட்டது. விற்க நினைத்தாலும் விற்க முடியவில்லை. அப்படியான வாரத்தில் உங்களைக் காப்பது எவ்வளவு காசு போட்டீர்கள் என்பது மட்டும்தான். அதனால் தொகையையும் பக்கத்தின் அடியில் எழுத வேண்டும்: ஐந்து வருடத்துக்குத் தேவைப்படாத காசில் இவ்வளவு, அதற்கு மேல் இல்லை.

கடைசியாக நான்கு திகதிகள். காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் கம்பனி இடைக்கால அறிக்கையை வெளியிட வேண்டும். டயலொக்கின் நிதியாண்டு டிசம்பரில் முடிவதால் மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் நடுப்பகுதியில் cse.lk தளத்தில் அறிக்கை வந்திருக்கும். கடைசிக் காலாண்டுக்கு மட்டும் பெப்ரவரி முடிவு வரை அவகாசம். அந்த நாட்களில் மட்டும் பக்கத்தை எடுத்து வாசித்தால் போதும்.

நானா ஒரு கொப்பித் தாளை எடுத்துத் தன் பங்குக்கு எழுத உட்கார்ந்தார். முதல் வரியில் பேனை நின்றுவிட்டது. அந்தக் கம்பனி எதில் சம்பாதிக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆண்டறிக்கையை வாசிக்க இரண்டு வாரம் கேட்டார். பதினைந்தாம் நாள் தரகருக்குத் தொலைபேசி எடுத்து, முழுவதையும் விற்றுவிட்டார். நாற்பத்தொன்பதாயிரம் ரூபா நட்டம். தாளை மட்டும் எறியவில்லை. அடுத்த பங்குக்கு அதே தலைப்புகளை மறுபக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார், முதல் வரி இன்னும் காலியாக இருக்கிறது.