ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போகும் பிள்ளைகள்

லண்டன், ரொறன்ரோ பள்ளிகளின் கோடை விடுமுறையும் நல்லூர்க் கந்தன் திருவிழாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் வருகின்றன. அங்கே பிறந்த பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிவரும் குடும்பங்கள் பலவும் அந்த நாட்களைத்தான் தேர்ந்தெடுக்கின்றன.

ஆனால் பயணம் பெரும்பாலும் உறவினர் வீடுகளில் கரைந்துபோகிறது. காலையில் பெரியம்மா வீடு, மாலையில் மாமி வீடு. எங்கே போனாலும் கதிரை, சோடா, மிக்சர், "தமிழ் விளங்குமோ?" என்ற கேள்வி. நாலாம் நாள் பிள்ளை கைபேசியை விட்டு நிமிராது. அதைப் பிள்ளையின் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரே வீட்டில் தங்குங்கள். ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். முதல் சில நாட்கள் பிள்ளை பகலில் தூங்கி, விடியுமுன் எழும்பிவிடும். அந்த நாட்களில் எங்கும் போகவேண்டாம். பிறகு ஒருநாள் அம்மம்மா வீட்டிலேயே எல்லாரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம். நடமாட முடியாத முதியவர்களை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். மற்றவர்களுக்கு முன்கூட்டியே போன் பண்ணிச் சொன்னால் மனத்தாங்கல் குறையும்.

பிள்ளைக்கு வேலை கொடுங்கள். ஓகஸ்ட், பனம்பழம் விழும் காலம். தோலை உரித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தும்பிலிருந்து களியைப் பிசைந்து எடுப்பது சிறுவர்களுக்கு ஏற்ற வேலை. முழங்கை வரை மஞ்சளாகிவிடும். பெரியவர்கள் களியைச் சீனியோடு காய்ச்சி, காறல் போனதும் ஆறவைத்து, மாச் சேர்த்துக் குழைத்து எண்ணெயில் கிள்ளிப் போட்டால் பனங்காய்ப் பணியாரம். மச்சான், மச்சாளோடு பிசைந்துகொண்டிருக்கும் பிள்ளை, "தா", "இன்னும்", "ஊத்து" என்று தானாகவே தமிழ் பேசும். நடுவில் புகுந்து மொழிபெயர்க்காதீர்கள்.

நல்லூருக்குத் தேரன்று சிறுவர்களோடு போவது கடினம். நெரிசலில் அவர்களுக்குத் தெரிவது முதுகுகள்தான். திருவிழா 25 நாள் நடக்கிறது. சாதாரண நாளொன்றில் மாலையில் போங்கள். வெறுங்காலோடு வீதி மணலில் நடந்து, சுவாமி வெளிவீதி வருவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பிறகு கச்சான் கடை, ஐஸ்கிரீம். நயினாதீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைக்குப் போட்டபின் ஏற்றுங்கள்.

அப்பா வளர்ந்த வீடு போரில் இடிந்திருந்தால் அங்கேயும் கூட்டிப்போகலாம். முழு வரலாற்றையும் அங்கேயே சொல்லி முடிக்க முயலவேண்டாம். கிணறு எங்கே இருந்தது, எந்த மரத்தில் ஏறி விழுந்தீர்கள் என்று காட்டுங்கள். "ஏன் இடிஞ்சது?" என்று பிள்ளை கேட்கும். அப்போது வயதுக்கு ஏற்றபடி உண்மையைச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் குண்டு விழுந்தது, நாங்கள் வெளிக்கிட்டோம் என்பது போதும். பதினைந்து வயதுப் பிள்ளை, யார் போட்டது, யார் திரும்பி வரவில்லை என்றும் கேட்கும். அதற்குப் பதில் சொல்ல, அன்று பின்னேரம் வேறு எந்த வீட்டுக்கும் போவதாக ஒத்துக்கொள்ளாதீர்கள்.