தூரம் கூடக் கூட மெலியும் கட்டணம்

மின்கட்டண ரசீதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு 'ஸ்லாப்' என்ற சொல் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். யூனிட் கூடினால் அடுத்த ஸ்லாப்; அடுத்த ஸ்லாப் என்றால் யூனிட்டுக்கு இன்னும் அதிக விலை. ரயில் டிக்கெட்டிலும் ஸ்லாப் உண்டு. ஆனால் அது அப்படியே தலைகீழ். எவ்வளவு தூரம் போகிறீர்களோ, அவ்வளவுக்கு ஒரு கிலோமீட்டரின் விலை இறங்கிக்கொண்டே போகும்.

ரயில்வேக்காரர்கள் இதை 'டெலஸ்கோபிக்' கட்டணம் என்பார்கள். பழைய கப்பல் தலைவர்கள் கையில் வைத்திருந்த தொலைநோக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் குழல் பருமன், அதற்குள்ளிருந்து வரும் இரண்டாவது குழல் கொஞ்சம் ஒல்லி, மூன்றாவது இன்னும் ஒல்லி. இழுக்க இழுக்க நீளம் கூடும், பருமன் குறையும்.

நம் நாட்டில் கட்டணத்தை அட்டவணையாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள். விடை மட்டும் தெரியும், கணக்குப் போட்ட வழி தெரியாது. ஜப்பானில் வழியே வெளிப்படையாக இருக்கிறது. நாமே பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்துவிடலாம்.

டோக்கியோவிலிருந்து மேற்கே ஒசாகாவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் போகும் பெரும்பாதையில் முதல் 300 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டருக்கு 16.20 யென். அடுத்த 300-க்கு 12.85 யென். 600-ஐத் தாண்டிவிட்டால் 7.05 யென்தான். மூன்று குழல்கள்.

டோக்கியோ - ஒசாகா 556 கிலோமீட்டர். இங்கே இன்னொரு வகை ஸ்லாப் குறுக்கே வருகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனி விலை வைத்தால் அட்டவணை பெருத்துவிடும் என்று தூரத்தைப் படிகளாக வெட்டியிருக்கிறார்கள். இந்தத் தூரத்தில் ஒரு படி 20 கிலோமீட்டர். 541 முதல் 560 வரை யார் போனாலும் நடுவில் இருக்கும் 550-க்குத்தான் காசு. 541-ல் இறங்குபவர் போகாத 9 கிலோமீட்டருக்குச் சேர்த்துக் கொடுக்கிறார். 560-ல் இறங்குபவர் 10 கிலோமீட்டரை இலவசமாகப் போகிறார். நம் ஊரிலும் இப்படிப் படிகள் உண்டு: குறுகிய தூரத்தில் ஐந்தைந்து கிலோமீட்டராக ஏறி, தூரம் போகப் போகப் படி அகலமாகும்.

இப்போது கணக்கு. முதல் 300 கிலோமீட்டருக்கு 4,860 யென். மிச்சம் 250-க்கு, 12.85 வீதம், 3,212.50. கூட்டினால் 8,072.50. அதை நூறுக்குச் சரிசெய்து 8,100 என்று வைத்து, 10 சதவீத வரி சேர்த்தால் 8,910 யென். டோக்கியோ - ஒசாகா டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் இதுவேதான். புல்லட் ரயிலில் ஏறினால் அதற்கான கூடுதல் தொகை தனி.

இதே முறையில் ஹிரோஷிமா வரை, அதாவது 894 கிலோமீட்டருக்கு, கணக்குப் போட்டால் 11,880 யென் வரும். ஒசாகாவுக்குப் போகிறவர் அங்கே இறங்காமல் இன்னும் 338 கிலோமீட்டர் உட்கார்ந்திருந்தால் அவருக்குக் கூடுதல் செலவு 2,970 யென் மட்டுமே. அதே 338 கிலோமீட்டருக்கு ஒசாகாவில் புதிதாக டிக்கெட் எடுத்தால் 5,720 யென். அதே தண்டவாளம், அதே ஊர்கள். விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. காரணம், புது டிக்கெட் எடுத்ததும் தொலைநோக்கி மடங்கிவிடுகிறது. மறுபடியும் பருமனான முதல் குழலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏன் இப்படி? ஒரு பயணியால் ரயில்வேக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி அவர் நகரும் முன்பே முடிந்துவிடுகிறது. டிக்கெட் கொடுக்கும் கவுன்டர், பிளாட்பாரம், பெட்டியைக் கழுவும் யார்டு, போர்வை, புறப்படும் முன் பரிசோதனை. இவை தஞ்சாவூருக்குப் போனாலும் ஒன்றுதான், டெல்லிக்குப் போனாலும் ஒன்றுதான். மொத்தத் தொகையைத் தூரத்தால் வகுத்தால் நீண்ட பயணத்தில் அது கரைந்துபோகும். இருக்கை காலியாக ஓடும் பயமும் உண்டு. ஒரே பெர்த்தை ஐந்து பேருக்குத் துண்டு துண்டாக விற்றால் இடையில் எங்கோ ஒரு துண்டு விற்காமல் போகலாம். ஒரே ஆள் கடைசிவரை வந்தால் அந்தக் கவலை இல்லை.

ஆனால் இந்தக் காரணங்கள் மட்டும் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. 601-வது கிலோமீட்டரில் இன்ஜின் தின்னும் மின்சாரம் முதல் கிலோமீட்டரில் தின்றதில் பாதியாகிவிடுவதில்லை. 16.20-ஐ 7.05 ஆக்குவது செலவுக் கணக்கைத் தாண்டிய முடிவு. தூரத்து ஊர்க்காரர் தலைநகருக்கு வந்துபோக முடியவேண்டும் என்ற எண்ணமும், விமானத்துக்கு ஆளைப் பறிகொடுக்கக் கூடாது என்ற கவலையும் அதில் இருக்கத்தான் வேண்டும்.

நம் ஊர் டிக்கெட்டில் இந்த நிலைச்செலவு கண்ணுக்கே தெரியும். ஸ்லீப்பரில் முன்பதிவுக் கட்டணம் 20 ரூபாய், சூப்பர்ஃபாஸ்ட் என்றால் இன்னொரு 30. தூரம் எதுவானாலும் இந்த 50 மாறாது. 200 கிலோமீட்டர் பயணத்தில் அது கிலோமீட்டருக்கு 25 பைசா. 2,000 கிலோமீட்டரில் இரண்டரைப் பைசா. போதாததற்குக் குறைந்தபட்சத் தூரம் என்று ஒன்றும் உண்டு. ஸ்லீப்பரில் அது 200 கிலோமீட்டர், மூன்றடுக்கு ஏசியில் 300. திருச்சியில் ஏறித் தஞ்சாவூரில் இறங்கினாலும், சுமார் 50 கிலோமீட்டர்தான் என்றாலும், ஸ்லீப்பரில் 200 கிலோமீட்டருக்கே கொடுக்க வேண்டும். 'இத்தனூண்டு தூரத்துக்கு இவ்வளவா' என்ற முணுமுணுப்பின் மூலம் இதுதான்.

அண்மைக் காலத்தில் நம் தொலைநோக்கி கொஞ்சம் நிமிர்ந்துகொண்டு வருகிறது. 2025 ஜூலையில் மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஏசி இல்லாத வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு ஒரு பைசாவும், ஏசிக்கு இரண்டு பைசாவும் ஏற்றினார்கள். எல்லாத் தூரத்துக்கும் ஒரே பைசா. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நெடுந்தூரக்காரரின் கிலோமீட்டர் விலை ஏற்கெனவே குறைவு. அதன்மேல் விழும் ஒரு பைசா சதவீதக் கணக்கில் பெரிது. இப்படி ஏற்ற ஏற்ற, பருமனான குழலுக்கும் ஒல்லிக் குழலுக்கும் உள்ள வித்தியாசம் விகிதத்தில் சுருங்கும்.

அதே நேரத்தில் சாதாரண இரண்டாம் வகுப்புக்கு வேறொரு வகைப் படி வைத்தார்கள். 500 கிலோமீட்டர் வரை ஏற்றமில்லை. 501-லிருந்து 1,500 வரை 5 ரூபாய். ஜப்பான் கணக்கில் எல்லையைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்குத்தான் புது விலை. இங்கே 501-ல் இருப்பவரும் 1,500-ல் இருப்பவரும் அதே ஐந்து ரூபாய்.

டிக்கெட்டைத் துண்டாக்காமல் பல ஊர் பார்க்க நம் ரயில்வேயில் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சுற்றுப்பயண டிக்கெட். புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வருகிற மாதிரி வழியை எழுதிக் கோட்ட வணிக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எட்டு இடங்கள்வரை இறங்கித் தங்கலாம். மொத்தம் 4,000 கிலோமீட்டர் என்றால் அதை 2,000 கிலோமீட்டர் கொண்ட இரண்டு ஒருவழிப் பயணங்களாக வைத்துக் கட்டணம் போடுவார்கள். ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் முதல் குழலின் விலையை ஒன்பது முறை கொடுத்திருப்பீர்கள். இதில் இரண்டு முறைதான். பெர்த் வேண்டுமென்றால் மட்டும் ஒவ்வொரு ரயிலுக்கும் தனியாக முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.