எக்ஸ்ரேயில் ஒளியும் உப்பு

நள்ளிரவில் கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்குகிறது. மேலே போர்வை பட்டால்கூட உயிர் போகிறது. மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் "வீக்கம் தெரிகிறது, எலும்பு நன்றாக இருக்கிறது" என்று எழுதி வருகிறது. அப்படியானால் கவுட் இல்லை என்று நினைத்து நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள் பலர். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை.

கவுட்டில் மூட்டுக்குள் படிவது யூரேட் உப்பு. அதில் கால்சியம் கிடையாது. அதனால் எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் சதையின் நிழலோடு நிழலாக மறைந்துவிடும். எக்ஸ்ரே காட்டுவது உப்பை அல்ல, உப்பு செய்த சேதத்தை. அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியப் பல ஆண்டுகள் ஆகும்.

தெரியத் தொடங்கியபின் அதன் உருவம் தனித்துவமானது. உப்புக்கட்டி எலும்பின் ஓரத்தை அரித்து, துளைக்கருவியால் குத்தி எடுத்ததுபோல் வட்டமான குழியை உண்டாக்குகிறது. குழியின் கரை வெண்மையாக இறுகியிருக்கும். மேல் விளிம்பு கூரையின் இறவாரம்போல் கட்டியின் மேல் நீண்டிருக்கும். கவுட்டின் அடையாளமாக இந்த நீட்சியை 1968-இல் விவரித்தவர் கதிரியல் மருத்துவர் வில்லியம் மார்டெல். இத்தனை அரிப்புக்கு நடுவிலும் மூட்டின் இடைவெளி நெடுநாள் குறையாமல் இருக்கும். முடக்குவாதத்தில் அது சீக்கிரமே சுருங்கிவிடும். படம் பார்ப்பவர் இரண்டையும் பிரித்தறிய இது உதவுகிறது.

சூடோகவுட்டில் கதை தலைகீழ். எழுபது வயதைக் கடந்த ஒருவருக்குத் திடீரென முழங்கால் வீங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே படிவது கால்சியம் பைரோபாஸ்பேட். எக்ஸ்ரேயில் உப்பே தெரியும். குருத்தெலும்புக்குள், எலும்பின் முனையை ஒட்டி, மெல்லிய வெள்ளைக் கோடாக அது ஓடும். மணிக்கட்டிலும் இப்படியே காணலாம். ஆனால் வலியே இல்லாத முதியவர்கள் பலருக்கும் இந்தக் கோடு இருப்பதால், அது மட்டுமே இன்றைய வீக்கத்துக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

எக்ஸ்ரேக்குப் பிடிபடாத யூரேட்டைப் பிடிப்பது இரட்டை ஆற்றல் சி.டி. ஸ்கேன். ஒரே இடத்தை ஏறத்தாழ 80, 140 கிலோவோல்ட் என்ற இரண்டு ஆற்றல்களில் அது படமெடுக்கிறது. ஆற்றல் மாறும்போது கால்சியத்தின் அடர்த்தி வெகுவாக மாறித் தெரியும். யூரேட்டில் மாற்றம் சொற்பம். இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டு, கணினி வழக்கமாக யூரேட்டுக்குப் பச்சை நிறம் பூசுகிறது.

பச்சை எல்லாம் யூரேட் அல்ல. கால் நகமும் குதிகாலின் தடித்த தோலும்கூடப் பச்சையாகத் தெரிந்து ஏமாற்றும். முதல் தாக்குதலின்போது உப்பு கொஞ்சமாக இருந்தால் எதுவுமே தெரியாமல் போகலாம்.

ஐயம் நீடித்தால் மூட்டு நீரை ஊசியால் எடுத்து, துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பதே உறுதியான வழி. யூரேட் ஊசி வடிவிலும், பைரோபாஸ்பேட் சாய்சதுர வடிவிலும் தெரியும். வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் சீழ் பிடித்திருக்கக்கூடும். படத்துக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.