அடிப்படை ஊதியம் எவ்வளவு?

ஐக்கிய அரபு அமீரகத்திற்குப் பணிக்குச் செல்வோர் பலர், ஒப்பந்தத்தில் மொத்த ஊதியத்தை மட்டும் பார்த்துக் கையொப்பமிடுகின்றனர். பணி முடிவில் பெறும் பணிக்கொடையோ அடிப்படை ஊதியத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஓராண்டேனும் பணியாற்றியவருக்கு, முதல் 5 ஆண்டுகள் வரை, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம் உண்டு.

மாதம் 1,500 திர்ஹம் முழுவதும் அடிப்படை ஊதியமானால், 5 ஆண்டு முடிவில் 5,250 திர்ஹம் கிடைக்கும். அதையே 900 அடிப்படை, 600 தங்குமிடப்படி எனப் பிரித்திருந்தால் 3,150 மட்டுமே. வாடகையும் தங்கள் கையிலிருந்துதான் போகும்! நிறுவனமே இடம் தருவதாக முகவர் சொன்னால், அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

பணி முடிந்து தாயகம் திரும்பும் விமானச் செலவு பொதுவாக நிறுவனத்தைச் சேரும். விடுமுறைப் பயணச்சீட்டு அப்படியன்று. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று ஒப்பந்தத்தில் குறித்திருந்தால்தான் கேட்டுப் பெற முடியும்.