வேலைக்கு அழைக்கும் நிறுவனம் நிலைக்குமா?

நியமனக் கடிதம் கைக்கு வந்த நாளில் வீட்டில் எல்லாரும் சம்பளத் தொகையைத்தான் முதலில் பார்க்கிறோம். அந்தச் சம்பளம் ஆறாம் மாதமும் வருமா என்று யாரும் கேட்பதில்லை. நிறுவனத்திடம் சென்று கேட்குமுன் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை சில உண்டு.

முதலில் வருங்கால வைப்பு நிதி. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒரு மாதத்துக்குரிய தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கட்டியதா இல்லையா என்பதை epfindia.gov.in தளத்தில் Establishment Search என்ற பகுதியில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்து யாரும் பார்க்கலாம். எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை ஊழியர்களுக்குப் பணம் கட்டினார்கள் என்று வரிசையாக வரும்.

வெளி மாவட்டத்து ஓடு தொழிற்சாலை ஒன்று, நம் ஊரில் செராமிக் பட்டயப் படிப்பு முடித்த ஒரு பெண்ணை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் அந்தப் பட்டியலைப் பார்க்கிறாள். ஜனவரி வரை ஒவ்வொரு மாதமும் 14, 15 தேதிகளில் பணம் வந்திருக்கிறது. பிப்ரவரித் தொகை ஏப்ரல் கடைசியில் வந்திருக்கிறது. மார்ச்சுக்குரியது ஜூனில்தான் வந்தது. ஊழியர் எண்ணிக்கை 140லிருந்து 95ஆகக் குறைந்திருக்கிறது. கையில் பணம் தட்டும் முதலாளி பெரும்பாலும் முதலில் தள்ளிப்போடுவது இந்தத் தொகையைத்தான். சம்பளம் தாமதமாவது அதற்குப் பின்னர் வரும். ஒரே ஒரு மாதம் பிந்தியிருந்தால் அது குமாஸ்தாவின் தவறாக இருக்கலாம். எண்ணிக்கை குறைந்ததற்கும், ஆட்களை ஒப்பந்தக்காரர் கணக்குக்கு மாற்றியது காரணமாக இருக்கலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து வந்தால் கேட்டே ஆகவேண்டும்.

அடுத்தது கணக்கு. பதிவு பெற்ற கம்பெனிகள் மார்ச்சில் முடியும் ஆண்டுக் கணக்கை வழக்கமாக அக்டோபர் இறுதிக்குள் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கு வந்தது என்பது mca.gov.in தளத்தில் தெரியும்.

இதன் அருமையை பைஜூஸ் என்ற கல்வி நிறுவனத்தின் கதையில் காணலாம். 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கை அது 2022 செப்டம்பரில்தான் வெளியிட்டது. நஷ்டம் சுமார் 4,588 கோடி ரூபாய். அடுத்த மாதமே சுமார் 2,500 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதற்கடுத்த நவம்பரில் கால்பந்து வீரர் மெஸ்ஸியைத் தன் தூதராக நியமித்தது! விளம்பரத்தை மட்டும் பார்த்தவருக்கு அது உலகமே வியக்கும் நிறுவனம். 2023 ஏப்ரலில் சேர்ந்த நிதித் தலைவர் அக்டோபரில் விலகினார். அதற்கிடையே, ஜூனில், தணிக்கையாளரான டெலாய்ட் நிறுவனமும் இயக்குநர் குழுவில் மூவரும் விலகினார்கள். 2024 ஜூலையில் அதன்மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. பெரிய முதலீடு வந்தது என்ற செய்தி, கடன் கொடுத்தவரும் பங்கு வாங்கியவரும் நம்பினார்கள் என்பதை மட்டுமே சொல்லும். சரக்கு விற்றுப் பணம் வந்ததா என்பதைக் கணக்குதான் சொல்லும். விலகுபவர்களில் பணத்தைக் கையாள்பவர்களும் கணக்கைச் சரிபார்ப்பவர்களும் இருந்தால், அது விற்பனைப் பிரதிநிதிகள் விலகுவதைப்போல் சாதாரணமல்ல.

நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே போதும். "இந்த இடம் புதிதா, யாராவது விலகியதால் காலியானதா? சென்ற மூன்று மாதச் சம்பளம் எந்தெந்தத் தேதியில் வழங்கப்பட்டது, ஐயா?" மரியாதையோடு கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். சரியாகக் கொடுப்பவர் தேதியைச் சொல்லிவிடுவார். "அதெல்லாம் வந்துவிடும், அம்மா" என்று பதில் வந்தால், தேதி வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் உள்ள தேநீர்க் கடையில் அப்பாவோ அண்ணனோ அரைமணி நேரம் உட்கார்ந்தால் மீதியும் தெரிந்துவிடும்.

நம் விருத்தாசலத்துத் தொழிற்பேட்டையில் பொம்மையும் மின் உருகிக் கட்டையும் செய்யும் சிறு கூடங்களுக்கு இந்த வழிகள் பல சமயம் பொருந்தா. இருபது பேருக்குக் குறைந்த இடத்துக்கு வைப்பு நிதிப் பதிவு இராமலிருக்கலாம். ஒரே உரிமையாளர் நடத்தும் தொழிலுக்குக் கம்பெனிக் கணக்கும் இராது. அங்கே சூளையைத்தான் பார்க்க வேண்டும். மாதத்தில் எத்தனை முறை சூடேற்றுகிறார்கள்? சுட்ட சரக்கு கட்டி அனுப்பப்படுகிறதா, அல்லது தூசி படிந்து அடுக்கிக் கிடக்கிறதா? களிமண் கொண்டுவரும் லாரிக்காரர் கடனுக்கு இறக்குகிறாரா, ரொக்கம் கேட்கிறாரா? பழைய வியாபாரத்தில் திடீரென ரொக்கம் கேட்கத் தொடங்கினால், பாக்கி நிற்கிறது என்று பொருள்.

இத்தனையும் பார்த்தாலும் தப்பிவிடும் ஒன்று உண்டு. மறைமலைநகரில் ஃபோர்டு கார்த் தொழிற்சாலையை மூடும் முடிவு 2021 செப்டம்பரில் வந்தது. அது பணத்தட்டுப்பாட்டால் வந்ததன்று. இந்தியாவில் பத்தாண்டில் 200 கோடி டாலருக்குமேல் நஷ்டம் என்று தலைமை நிறுவனம் அமெரிக்காவில் எடுத்த முடிவு. இப்படிப்பட்ட இடத்தில் வைப்பு நிதிப் பட்டியல் எதையும் காட்டாது. தொழிற்சாலை தன் முழுத் திறனில் எவ்வளவு பங்கு ஓடுகிறது, புதிய மாதிரிகள் வருகின்றனவா என்ற செய்திகளைத்தான் இரண்டு மூன்று ஆண்டுப் பத்திரிகைகளில் தேடிப் பார்க்க வேண்டும்.