இரவு பதினொன்றுக்கு யாரை எழுப்பலாம்?

திரைக்குப் பின்னால் – 7

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு தொடர்மாடி. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குக் கிட்ட இன்னொன்று. இரண்டையும் ஒரே பராமரிப்புக் குழு பார்க்கிறது. நீர்வெட்டு, மின்வெட்டு, லிஃப்ட் திருத்தம், பராமரிப்புக் கட்டணம், கோயில் திருவிழாவால் வீதி மூடல் என்று எல்லா அறிவித்தலும் குடியிருப்பாளரின் கைபேசிக்குப் போக வேண்டும். எது வேண்டும், எந்த வழியில் வேண்டும், எந்த நேரத்தில் வேண்டாம் என்று அவரவரே தெரிவு செய்ய ஒரு திரை அமைத்துத் தரும்படி எங்களிடம் கேட்டார்கள்.

முதலில் ஒரு கட்டம் போட்டோம். இடப்பக்கம் ஐந்து தலைப்பு, மேலே மூன்று வழி: செயலி, எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல். மொத்தம் பதினைந்து பொத்தான்கள். வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் காட்டியபோது அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்: "தம்பி, தண்ணி நிக்கப்போகுதெண்டால் எனக்குச் சொல்லவேணும். மற்றதெல்லாம் விடிஞ்ச பிறகு சொன்னால் போதும். அதை எதில அமத்துறது?"

அந்தப் பதினைந்தில் எதை அமத்தினாலும் அவர் கேட்டது கிடைக்காது. தலைப்பு, வழி, நேரம் மூன்றையும் நாங்கள் தனித்தனிக் கேள்விகளாக வைத்திருந்தோம். அவருக்கோ மூன்றும் ஒரே கேள்வி: எந்தச் செய்திக்காக என்னை எழுப்பலாம்?

அதனால் திரையை மாற்றினோம். ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்றே தெரிவுகள்: 'உடனே', 'அமைதி நேரம் முடிந்த பிறகு', 'வேண்டாம்'. எந்த வழியில் என்பதைக் கீழே ஒரே தடவை கேட்டோம். அமைதி நேரத்துக்கு இரவு 10 முதல் காலை 6 வரை என்று முன்கூட்டியே நிரப்பி வைத்தோம்.

அந்த முன்நிரப்பே அடுத்த பிழையைக் காட்டியது. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தில் இரவு வேலை செய்பவர் ஒருவர் இருந்தார். அவர் தூங்குவது காலை 8 முதல் பிற்பகல் 2 வரை. அதை மாற்றிப் போட்டதும் எங்கள் நிரல் அவருக்குப் பகலிலும் செய்தி அனுப்பவில்லை, இரவிலும் அனுப்பவில்லை. அமைதி நேரம் நள்ளிரவைத் தாண்டும் என்றே எண்ணி ஒரே சோதனையை எழுதியிருந்தோம். உண்மையில் இரண்டு வேண்டும்:

```
# 08:00–14:00
start <= now and now < end

# 22:00–06:00
now >= start or now < end
```

தொடக்கம் முடிவுக்கு முந்தியிருந்தால் 'இரண்டும் பொருந்த வேண்டும்'. நள்ளிரவைத் தாண்டினால் 'ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்'. எங்கள் பழைய நிரல் அவருக்கும் இரண்டாவது சோதனையையே போட்டது. எந்த நேரமும் 8க்குப் பிந்தியதாகவோ 14க்கு முந்தியதாகவோ இருக்கும் என்பதால் அவருடைய அமைதி நேரம் ஒருபோதும் முடியவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: தொடங்கும் நிமிடம், முடியும் நிமிடம், 23:59, 00:00 ஆகிய நான்கு நேரங்களிலும் இரு வகை அமைதி நேரத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இனித்தான் ஆசிரியையின் கேள்விக்கு விடை. இரவு 11.10க்கு அறிவித்தல் வருகிறது: காலை 5 மணியிலிருந்து நீர்வெட்டு. அவருடைய அமைதி நேரம் 6 மணிக்கு முடிகிறது. செய்தியைப் பிடித்துவைத்து 6 மணிக்குக் கொடுத்தால் குழாய் வறண்டு ஒரு மணி நேரமாகியிருக்கும். அந்தச் செய்தியால் ஒரு வாளிகூட நிரம்பாது.

ஆகவே ஒவ்வொரு செய்தியோடும் இன்னொரு நேரத்தை எழுதவைத்தோம்: 'இதற்கு முன் தெரிந்தால்தான் பயன்'. தண்ணீர் பிடிக்க ஒரு மணி நேரம் வேண்டும். எனவே இந்தச் செய்திக்கு அது காலை 4 மணி. அமைதி நேரம் அதற்கு முன் முடிந்தால் செய்தி காத்திருக்கலாம். முடியாவிட்டால், 'உடனே' என்று தெரிவு செய்தவருக்கு மணி அடிக்கும். 'அமைதி நேரம் முடிந்த பிறகு' என்றவருக்குச் செய்தி சத்தமில்லாமல் திரையில் போய் அமரும்; இடையில் எழுந்து கைபேசியைப் பார்த்தால் கண்ணில் படும். அதே இரவில் வந்த லிஃப்ட் திருத்தச் செய்தி நாளை மறுநாளுக்கானது. அது 6 மணிவரை காத்திருக்கும். கொட்டாஞ்சேனைக்காரர் அப்போது விழித்திருப்பதால் இரண்டும் அவருக்கு உடனே போகும்.

காத்திருக்கும் செய்திக்கும் ஒரு காவல் வேண்டும். 6 மணிக்கு அனுப்புமுன் அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று மீண்டும் பார்க்க வேண்டும். இரவிலேயே திருத்தம் தள்ளிவைக்கப்பட்டால் பழைய செய்தியை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் கொடுக்க வேண்டும். இல்லையேல் காலையில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு செய்திகள் அருகருகே கிடக்கும்.

சத்தமில்லாமல் கொடுப்பது செயலியில் மட்டுமே நம் கையில் இருக்கிறது. எஸ்.எம்.எஸ். புறப்பட்டுவிட்டால் அதன் ஒலி நம் கட்டுப்பாட்டில் இல்லை. அதனால் அமைதி நேரத்தில் எஸ்.எம்.எஸ். 'உடனே' என்று கேட்டவருக்கு மட்டும்தான். அதற்கு இன்னோர் எல்லையும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். 160 குறிகள் கொள்ளும், தமிழில் 70. அதிலும் மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே கணக்காகும். 'வெள்ளவத்தை' நமக்கு ஆறு எழுத்து, எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பத்து. நாங்கள் வெட்டிச் சுருக்கி எடுத்தது இது:

நாளை காலை 5 மணி முதல் நீர்வெட்டு. இன்றிரவே தண்ணீர் பிடித்து வைக்கவும்.

சரியாக 70. ஊர்ப் பெயரைச் சேர்த்தால் இரண்டு எஸ்.எம்.எஸ். காசு. ஊர்ப் பெயர் தேவையில்லை. தன் வீட்டுக் குழாயைப் பற்றித்தான் வந்திருக்கிறது என்று பெறுபவருக்குத் தெரியும்.

கடைசியாக, நேரம் என்பதே எந்த ஊர் நேரம் என்ற கேள்வி. வெள்ளவத்தை வீடுகள் பலவற்றின் உரிமையாளர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். அவர்களின் கணக்கில் '+5:30' போன்ற ஓர் எண்ணை எழுதிவைத்தால், அங்கே கோடைக்குக் கடிகாரத்தை மாற்றும் நாளில் அமைதி நேரம் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். கொழும்பில் இந்தத் தொல்லை இல்லை என்று எண்ண வேண்டாம். 1996 மே மாதம், மின் தட்டுப்பாட்டின்போது, இலங்கையின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே வந்தது. மிச்ச அரை மணி நேரம் 2006 ஏப்ரலில்தான் திரும்பியது. அந்தப் பத்தாண்டு முழுவதும் வன்னியில் ஒரு நேரம், கொழும்பில் ஒரு நேரம். ஆகவே எண்ணை அல்ல, `Asia/Colombo`, `America/Toronto` என்ற பெயரையே சேமிக்க வேண்டும். எந்த நாளில் எத்தனை நிமிடம் என்பதை அந்தப் பெயருக்குரிய அட்டவணை சொல்லும்.

மாற்றிய திரையை ஆசிரியையிடம் மறுபடி கொண்டுபோனோம். நீர்வெட்டுக்கு 'உடனே' என்று தொட்டார். மற்ற நான்குக்கும் 'அமைதி நேரம் முடிந்த பிறகு'. பிறகு கைபேசியைத் தலையணைப் பக்கம் வைத்துக்கொண்டு, "இனி இது சத்தம் போட்டால் வாளியை எடுக்கவேணும், அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவேதான்.

(அடுத்த வாரம்: ஒரே செய்தி இரண்டு தடவை போகாமல் தடுப்பது எப்படி?)